தோண்டிய நாளிலிருந்து 39 மாதம்

டெல்லியை ஒட்டிய குருகிராமில் 2012 மே மாதம் ஒருவர் ஒரு பிளாட்டுக்கு ஒப்பந்தம் போட்டார். கட்டுநர் பயனியர் அர்பன் நிறுவனம், குடியிருப்பின் பெயர் ‘அரயா’. வாங்கியவர் போகப் போகக் கட்டிய பணம் 4 கோடி ரூபாயைத் தாண்டியது. இவ்வளவு பெரிய தொகைக்கான அந்த ஒப்பந்தத்தில், வீட்டை ஒப்படைக்கும் நாள் இன்னது என்று எந்தப் பக்கத்திலும் இல்லை. அதற்குப் பதிலாக ஒரு கணக்கு இருந்தது. அஸ்திவாரத்துக்குப் பள்ளம் தோண்டத் தொடங்கிய நாளிலிருந்து 39 மாதத்துக்குள், குடியேற்றச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க பில்டர் எல்லா முயற்சியும் எடுப்பார். அதற்கு மேல் 180 நாள் சலுகைக் காலம் உண்டு.

பொறுமையாகப் படித்தால்தான் அதன் சாமர்த்தியம் தெரியும். பள்ளம் எப்போது தோண்டுவது என்பது பில்டரின் விருப்பம். 39 மாதம் முடிந்தாலும் அவர் வாக்களித்திருப்பது வீட்டையோ சான்றிதழையோ அல்ல, விண்ணப்பிப்பதை மட்டுமே. அதுவும் முயற்சிதான்.

அந்தக் கட்டடத்துக்குத் தோண்டத் தொடங்கியது 2012 ஜூனில். சலுகைக் காலத்தையும் சேர்த்தால் கெடு 2016 மார்ச்சில் முடிகிறது. சான்றிதழ் வந்ததோ 2018 ஜூலையில். வாங்கியவர் அதற்குள் பணத்தைத் திருப்பிக் கேட்டு தேசிய நுகர்வோர் ஆணையத்துக்குப் போய்விட்டார். ‘ஒப்பந்தப்படி நடந்துகொள்ளுங்கள்’ என்பது பில்டரின் வாதம். அந்த ஒப்பந்தத்தில், வாங்குபவர் தவணையைத் தாமதித்தால் ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. பில்டர் பணத்தைத் திருப்பித் தர நேர்ந்தால் 9 சதவீதம். அப்படித் திருப்பிக் கேட்பதற்கும், சலுகைக் காலம் முடிந்து இன்னும் ஓராண்டு காத்திருந்து, பிறகு 90 நாள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும்.

2019 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இந்த ஒப்பந்தத்தை ஒருதலைப்பட்சமானது என்றது. பில்டர் நீட்டிய தாளில் கையெழுத்துப் போடுவதைத் தவிர வேறு வழியில்லாத ஒருவரை அதன் விதிகளைக் காட்டிக் கட்டிப்போட முடியாது என்றும், அப்படி எழுதி வாங்குவதே நேர்மையற்ற வணிக நடைமுறை என்றும் தீர்ப்பு வந்தது. 10.7 சதவீத வட்டியோடு பணத்தைத் திருப்பித் தரச் சொன்ன ஆணையத்தின் உத்தரவு நிலைத்தது.

தீர்ப்பு கிடைத்தது உண்மை. ஆனால் அதற்கு ஏழாண்டு ஆனது. கட்டி முடியாத வீட்டுக்கு ஒப்பந்தம் போடும்போது கவனிக்க வேண்டிய மூன்று இடங்களும் இந்த ஒரு வழக்கில் இருக்கின்றன: நாள், தவணை, தாமதத்துக்கான ஈடு. மூன்றும் வெவ்வேறு பக்கங்களில் அச்சாகியிருக்கும். ஒன்று தளர்ந்தால் மற்ற இரண்டும் பயனற்றுப் போகும் என்பதால் சேர்த்தே படிக்க வேண்டும்.

நாளிலிருந்து தொடங்கலாம். 2016-இல் வந்த ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், மக்கள் வாயில் ரெரா, விலையில் பத்து சதவீதத்துக்கு மேல் வாங்குவதற்கு முன் விற்பனை ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்தாக வேண்டும் என்கிறது. ஒப்படைக்கும் நாளும் அந்த ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். ஆனாலும் ‘இந்த மாதத்துக்குள் புக் செய்தால் சதுர அடிக்கு நூறு ரூபாய் குறைப்போம், முப்பது சதவீதம் கட்டிவிடுங்கள், அக்ரிமென்ட் பிறகு போட்டுக்கொள்ளலாம்’ என்ற பேரம் இன்றும் நடக்கிறது. அந்தப் பணத்துக்கு வாங்கியவர் கையில் இருப்பது ஒதுக்கீட்டுக் கடிதம் ஒன்றுதான். அதில் நாள் இருக்காது. இருந்தால் ‘உத்தேசமாக’ என்ற சொல்லோடு இருக்கும்.

தமிழ்நாட்டில் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. இங்கே நெடுங்காலமாக இரண்டு ஆவணங்கள் எழுதும் வழக்கம் இருந்தது. ஒன்று, நிலத்தில் பிரிக்கப்படாத பங்கை, அதாவது யூடிஎஸ்ஸை, வாங்குபவர் பெயருக்கு மாற்றும் கிரயப் பத்திரம். இன்னொன்று, அந்த நிலத்தில் வீட்டைக் கட்டித் தருவதாகச் சொல்லும் கட்டுமான ஒப்பந்தம். கிரயப் பத்திரம் பதிவாகிவிட்டால் சொத்தே கைக்கு வந்துவிட்டதாக ஒரு நிம்மதி வருகிறது. ஆனால் வீடு எப்போது, தாமதமானால் என்ன, எந்தக் கட்டத்தில் எவ்வளவு என்பதெல்லாம் இரண்டாவது ஆவணத்தில்தான் இருக்கும். பத்திரத்தை வழக்கறிஞரிடம் காட்டிவிட்டு, கட்டுமான ஒப்பந்தத்தைப் பில்டர் அலுவலகத்திலேயே புரட்டிப் பார்த்துக் கையெழுத்திடுபவர்கள் ஏராளம்.

நாள் என்றால் காலண்டரில் இருக்கும் நாளாக இருக்க வேண்டும். ‘திட்ட அனுமதி கிடைத்த நாளிலிருந்து’, ‘அஸ்திவார வேலை தொடங்கியதிலிருந்து’, ‘கடைசி ஒப்புதல் வந்ததிலிருந்து’ என்று எண்ணத் தொடங்கினால், தொடக்கப் புள்ளி பில்டரின் பைக்குள் இருக்கிறது என்று பொருள். நாளே குறிப்பிடாத ஒப்பந்தங்களும் நீதிமன்றத்துக்கு வந்திருக்கின்றன. 2018-இல் ஃபார்ச்சூன் இன்ஃப்ராஸ்ட்ரக்சர் வழக்கில், நாள் இல்லாவிட்டாலும் வாங்கியவரை முடிவில்லாமல் காக்க வைக்க முடியாது என்று கூறிய உச்ச நீதிமன்றம், மூன்றாண்டை நியாயமான காலமாக எடுத்துக்கொண்டது.

அடுத்து, அந்த நாளில் என்ன நடக்க வேண்டும் என்பது. சாவியைக் கையில் கொடுத்தாலே ஒப்படைப்பு என்று பில்டர்கள் கருதுவது வழக்கம். சென்னையில் சிஎம்டிஏவின் பணி நிறைவுச் சான்றிதழ் இல்லாத பெரிய அடுக்குமாடிக்கு நிரந்தர மின் இணைப்பும் குடிநீர், கழிவுநீர் இணைப்பும் கிடைப்பது கடினம். அதற்கு முன்பே ‘உள்அலங்கார வேலைகளைத் தொடங்கிக்கொள்ளுங்கள்’ என்று சாவி தருகிறார்கள். பார்ப்பதற்கு உதவி போலத்தான் இருக்கும். கூடவே ஒரு கடிதத்தில் கையெழுத்து கேட்பார்கள். அதில் ‘வீட்டை முழுமையாகப் பெற்றுக்கொண்டேன்’ என்று இருக்கும். அந்த நாளோடு தாமதக் கணக்கை நிறுத்திவிட்டு, மறுநாளிலிருந்து பராமரிப்புக் கட்டணம் கேட்பார்கள். லாரித் தண்ணீரும் கட்டுமானத்துக்கு வாங்கிய தற்காலிக மின்சாரமும்தான் வீட்டுக்கு வரும். பணி நிறைவுச் சான்றிதழோடு சேர்ந்த ஒப்படைப்புதான் ஒப்படைப்பு என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தால் இந்த வழி அடைபடும்.

ரெரா ஆணையத்தின் இணையதளத்திலும் ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒரு முடிவு நாள் இருக்கும். இது பல நேரங்களில் ஒப்பந்தத்தில் உள்ள நாளைவிடப் பிந்தியதாக இருக்கும். ஒப்பந்தத்தில் 2023 மார்ச், இணையதளத்தில் 2025 டிசம்பர் என்று இருந்தால், ‘ரெராவே எங்களுக்கு 2025 வரை நேரம் கொடுத்திருக்கிறதே’ என்பது பில்டரின் பதில். 2020-இல் இம்பீரியா ஸ்ட்ரக்சர்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த வாதத்தை ஏற்கவில்லை. பதிவு எந்த நாள் வரை செல்லும் என்பது பில்டருக்கும் ஆணையத்துக்கும் இடையிலான விஷயம். வாங்கியவருக்குக் கொடுத்த வாக்கு ஒப்பந்தத்தில் உள்ள நாள்தான்.

சலுகைக் காலம் ஏறக்குறைய எல்லா ஒப்பந்தத்திலும் உண்டு, பெரும்பாலும் ஆறு மாதம். அதை எழுதிக் கையெழுத்திட்டுவிட்டால், உண்மையான நாள் ஆறு மாதம் தள்ளியதுதான் என்று எண்ணிக்கொள்வது நல்லது. அதைவிட ஆபத்தானது, பில்டரின் கையை மீறிய காரணங்கள் என்ற பட்டியல். சட்டம் தரும் பட்டியல் குறுகியது: போர், வெள்ளம், வறட்சி, தீ, புயல், நிலநடுக்கம், இவை போன்ற இயற்கைப் பேரிடர்கள். கொரோனாவின்போது 2020 மே மாதம் மத்திய அரசு திட்டப் பதிவுகளை ஆறு மாதம் நீட்டிக்கச் சொன்னது இந்த அடிப்படையில்தான். ஒப்பந்தங்களில் இந்தப் பட்டியல் ஊதிப் பெருத்திருக்கும். கூலியாள் பற்றாக்குறை, மணல் தட்டுப்பாடு, சிமென்ட் விலை, அதிகாரிகள் ஒப்புதல் தர எடுக்கும் காலம், போதாததற்கு ‘மற்ற வாங்குபவர்கள் தவணை தவறுவது’ கூட இருக்கும். எட்டாவது மாடிக்காரர் பணம் கட்டாததற்கு மூன்றாவது மாடிக்காரர் ஏன் காத்திருக்க வேண்டும் என்று கேட்டால், பல விற்பனை அலுவலகங்களில் அந்த வரியைப் பேசாமல் அடித்துவிடுவார்கள். கேட்பவர்கள் குறைவு, அவ்வளவுதான்.

இனி தவணை. மூன்றிலும் வாங்குபவருக்கு உண்மையான பலம் இருப்பது இங்கேதான். நாள் தவறினால் வழக்குப் போட வேண்டும், ஈடு வாங்கக் காத்திருக்க வேண்டும். கட்டாமல் கையில் வைத்திருக்கும் பணத்துக்கு யார் வாசலிலும் நிற்க வேண்டியதில்லை.

அதனாலேயே தவணைப் பட்டியல் பணத்தை முன்னால் இழுக்கும்படி அமைகிறது. சென்னையில் அடிக்கடி காணும் ஒரு பட்டியலை எடுத்துக்கொண்டால், புக்கிங்கின்போது பத்து சதவீதம், ஒப்பந்தம் அல்லது யூடிஎஸ் பதிவின்போது இன்னும் முப்பது, அஸ்திவாரத்துக்குப் பத்து, பிறகு ஒவ்வொரு தளத்தின் கூரைக் கான்கிரீட்டுக்கும் ஐந்தைந்து என்று போகும். ஐந்து மாடிக் கட்டடத்தில் கடைசி ஸ்லாப் போட்டு முடியும்போது எழுபத்தைந்து சதவீதம் போயிருக்கும். செங்கல் கட்டு, பூச்சு வேலை என்று இன்னும் இருபது. சாவிக்கு மிஞ்சுவது ஐந்து.

கட்டடத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும், ஸ்லாப் போடுவது வேகமாக நடக்கும் வேலை. கம்பி, சாரம், கான்கிரீட் என்று ஒரே மாதிரி வேலை மாடிக்கு மாடி திரும்ப வரும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வீடு மளமளவென்று எழுவது போலத் தெரியும், பணமும் அதே வேகத்தில் போகும். திட்டங்கள் படுத்துக்கொள்வது அதன் பிறகுதான். லிஃப்ட், குழாய் வேலை, மின் வேலை, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு, தீயணைப்புத் துறையின் அனுமதி, தரை ஓடு, வர்ணம் ஆகிய எல்லாவற்றுக்கும் வெவ்வேறு ஆட்கள், வெவ்வேறு காத்திருப்பு. அந்தக் கட்டத்தில் வாங்கியவரிடமிருந்து வர வேண்டியது அதிகமில்லை என்றால், பில்டரின் கவனம் அவர் புதிதாகப் பூஜை போட்ட அடுத்த மனைக்குப் போய்விடுகிறது.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நல்ல அளவுகோல் மகாராஷ்டிரத்தில் இருக்கிறது. அந்த மாநில ரெரா விதிகளோடு வந்த மாதிரி ஒப்பந்தம், எந்தக் கட்டம் வரை மொத்தமாக எவ்வளவு வாங்கலாம் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. ஒப்பந்தம் எழுதியபின் 30 சதவீதம் வரை. அடித்தளம் முடிந்ததும் 45. எல்லா ஸ்லாபும் முடிந்ததும் 70. அதன் பிறகு சுவர், உள்பூச்சு, தரை, கதவு, ஜன்னலுக்கு ஐந்து. சுகாதாரப் பொருத்துகளுக்கும் மாடிப்படிக்கும் ஐந்து. வெளிப்பூச்சுக்கும் மொட்டைமாடி நீர்க்காப்புக்கும் ஐந்து. லிஃப்ட், பம்பு, மின்பொருத்துகளுக்குப் பத்து. கடைசி ஐந்து, சான்றிதழோடு ஒப்படைக்கும்போது. இதன்படி கான்கிரீட் கூடு எழுந்து நிற்கும்போதும் முப்பது சதவீதம் வாங்கியவரிடமே இருக்கும். வேறு மாநிலத்தில் வாங்குபவர் இதை உரிமையாகக் கேட்க முடியாது. ஆனால் தன் கையில் கொடுக்கப்பட்ட பட்டியல் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று பார்க்கலாம், பேரத்துக்கும் உதவும்.

பட்டியலில் வேலையோடு சம்பந்தமில்லாத வரிகளும் ஒளிந்திருக்கும். ‘ஒப்பந்த நாளிலிருந்து 90 நாளில் பதினைந்து சதவீதம்’ என்று ஒரு வரி இருந்தால், அந்த 90 நாளில் மனையில் ஒரு செங்கல்கூட இறங்காவிட்டாலும் பணம் கட்டியாக வேண்டும். நாளை வைத்துப் பணம் கேட்கும் வரிகள் அனைத்தையும் வேலையை வைத்துக் கேட்கும் வரிகளாக மாற்றச் சொல்வதே முறை.

டிமாண்ட் லெட்டர் வந்ததும் மனைக்குப் போய்ப் பார்ப்பவர்கள் உண்டு. போட்டோ எடுத்து வைத்துக்கொள்வதும் நல்லதுதான். இன்னும் உறுதியான ஒன்றைச் சட்டமே தந்திருக்கிறது. வாங்குபவர்களிடம் பெறும் பணத்தில் எழுபது சதவீதத்தைத் தனி வங்கிக் கணக்கில் போட வேண்டும். அதிலிருந்து எடுக்கும்போது, வேலை இவ்வளவு முடிந்திருக்கிறது என்று பொறியாளர், கட்டடக் கலைஞர், பட்டயக் கணக்காளர் மூவரும் சான்று தர வேண்டும். ஆக, அந்தத் தாள் பில்டரிடம் எப்படியும் இருந்தாக வேண்டும். ‘உங்கள் டிமாண்ட் லெட்டரோடு கட்டடக் கலைஞரின் சான்றையும் இணைத்து அனுப்புங்கள்’ என்று மின்னஞ்சல் போடுவதில் தவறில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேலை நிலவரத்தை ஆணையத்தின் இணையதளத்தில் ஏற்ற வேண்டிய கடமையும் பில்டருக்கு உண்டு. கடிதத்தில் நாலாவது ஸ்லாப், இணையதளத்தில் இரண்டாவது ஸ்லாப் என்று இருந்தால் கேள்வி கேட்க வேறு காரணம் வேண்டாம்.

வங்கிக் கடன் வாங்கியவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். கட்டுமானத்தின் நிலையை ஒட்டியே கடனை விடுவிக்க வேண்டும், முடியாத வீட்டுக்கு முழுத் தொகையையும் முன்கூட்டியே கொடுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. ‘ஒப்படைக்கும் வரை உங்கள் வட்டியை நாங்கள் கட்டுகிறோம்’ என்று பில்டர்கள் கவர்ந்த திட்டங்களில்தான் இது அதிகம் மீறப்பட்டது. வங்கி பெரும்பகுதிப் பணத்தைப் பில்டருக்குத் தந்துவிடும். பில்டர் சில காலம் வட்டி கட்டிவிட்டு நிறுத்துவார். கடன் பத்திரத்தில் பெயர் வாங்கியவருடையது என்பதால் வங்கி அவரைப் பிடிக்கும். டெல்லி சுற்றுவட்டாரத்தில் இப்படிச் சிக்கியவர்களின் வழக்கில், பில்டர்களும் வங்கிகளும் கூட்டுச் சேர்ந்தார்களா என்று விசாரிக்க 2025-இல் உச்ச நீதிமன்றம் சிபிஐயிடம் பொறுப்பை ஒப்படைத்தது.

தாமதத்துக்கான ஈட்டைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். உதாரணத்துக்குச் சென்னைப் புறநகரில் ஒரு வீடு, விலை 80 லட்சம். பொது இடங்களின் பங்கையும் சேர்த்து 1,200 சதுர அடி. சலுகைக் காலமும் சேர்ந்து ஒப்படைக்க வேண்டிய நாள் 2023 செப்டம்பர் 30. அந்த நாளுக்குள் வாங்கியவர் கட்டியது 68 லட்சம். அதில் 16 லட்சம் சேமிப்பு, 52 லட்சம் வங்கிக் கடன். சான்றிதழோடு வீடு வந்தது 2025 ஜனவரி 31. தாமதம் பதினாறு மாதம்.

ஒப்பந்தத்தில், தாமதமாகும் ஒவ்வொரு மாதத்துக்கும் சதுர அடிக்கு ஐந்து ரூபாய் என்று இருக்கிறது. மாதம் 6,000 ரூபாய், பதினாறு மாதத்துக்கு 96,000. ஆண்டுக் கணக்கில் பார்த்தால், பில்டரிடம் இருக்கும் 68 லட்சத்துக்கு ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல். அதே ஒப்பந்தத்தில் வாங்கியவருக்கு 18 சதவீதம் என்று இருந்தால், அவர் 8 லட்ச ரூபாய்த் தவணை ஒன்றை ஒரு மாதம் தாமதித்தால் கட்ட வேண்டிய வட்டி 12,000. ஒரு தவணை தவறியதற்கு அவர் தருவது, முழு வீடும் தாமதமானதற்கு அவருக்குக் கிடைப்பதைப் போல இரண்டு மடங்கு.

அவர் வீட்டில் என்ன நடந்திருக்கும்? 52 லட்சத்துக்கு எட்டே முக்கால் சதவீதம் வைத்தால் வட்டி மட்டும் மாதம் 38,000 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. குடியிருக்கும் வாடகை வீட்டுக்கு 20,000. ஆக மாதம் ஏறக்குறைய 58,000, பதினாறு மாதத்தில் ஒன்பது லட்சத்தைத் தாண்டும். அதற்கு 96,000 ரூபாய் ஈடு.

ரெரா சட்டத்தின் 18-ஆவது பிரிவு இந்தக் கணக்கை மாற்றுகிறது. நாள் தவறினால், வாங்கியவர் திட்டத்திலிருந்து விலகி வட்டியோடு பணத்தைத் திரும்பப் பெறலாம். வீடுதான் வேண்டும் என்றால், ஒப்படைக்கும் வரை தாமதமாகும் ஒவ்வொரு மாதத்துக்கும் வட்டி பெறலாம். தமிழ்நாட்டின் விதி உட்படப் பல மாநிலங்களின் விதிகளில் இந்த வட்டி, ஸ்டேட் வங்கியின் கடன் விலையான எம்சிஎல்ஆரில் உயர்ந்த விகிதத்தோடு இரண்டு சதவீதம் கூட்டியது. அந்த விகிதத்தை 9 என்று எடுத்துக்கொண்டால் 11 சதவீதம். 68 லட்சத்துக்கு மாதம் சுமார் 62,300 ரூபாய், பதினாறு மாதத்துக்குப் பத்து லட்சத்தைத் தொடுகிறது. கெடு முடிந்தபின் கட்டிய தவணைகளுக்கு அவரவர் கட்டிய நாளிலிருந்து தனியே ஓடும். வாங்கியவர் தாமதித்தாலும் இதே விகிதம்தான், 18 அல்ல. இரண்டு பக்கமும் ஒரே வட்டி என்பதைச் சட்டமே சொல்லிவிட்டது.

ஐந்து ரூபாய் விதியில் கையெழுத்திட்டாயிற்றே என்று ஒதுங்க வேண்டியதும் இல்லை. பெங்களூரில் டிஎல்எஃப் சதர்ன் ஹோம்ஸ் கட்டிய குடியிருப்பில், 36 மாதத்தில் வர வேண்டிய வீடுகள் ஆண்டுக்கணக்கில் தாமதமாயின. ஒப்பந்தத்தில் இதே ஐந்து ரூபாய். 339 பேர் சேர்ந்து நடத்திய வழக்கில் 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், அந்தத் தொகைக்கு மேல் ஆண்டுக்கு ஆறு சதவீத வட்டியும் தரச் சொன்னது. வீட்டைப் பெற்றுக்கொண்டதாலோ கிரயம் முடித்ததாலோ ஈடு கேட்கும் உரிமை போய்விடாது என்பதையும் அந்தத் தீர்ப்பு தெளிவாக்கியது. ஆனால் பில்டரோடு தனியாகச் சமரசப் பத்திரம் எழுதிக்கொண்டவர்களுக்கு இது கிடைக்கவில்லை. சாவி வாங்கும் நாளில் மேசைமேல் வரும் ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்ற தாளில் கையெழுத்திடாமல், ‘தாமத வட்டிக்கான உரிமையை வைத்துக்கொண்டு வீட்டைப் பெறுகிறேன்’ என்று கைப்பட எழுதிக் கொடுத்து ஒரு நகல் எடுத்து வைப்பது அதனால்தான் முக்கியம்.

விலகுவதா காத்திருப்பதா என்ற முடிவுக்கும் காலம் பார்க்க வேண்டும். கெடு தவறினால் பணத்தைத் திரும்பக் கேட்பது நிபந்தனையற்ற உரிமை என்று 2021 நவம்பரில் நியூடெக் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. அதே ஆண்டு ஜனவரியில் ஐரியோ கிரேஸ் வழக்கில், சான்றிதழ் வந்து வீட்டை வாங்கிக்கொள்ளச் சொல்லப்பட்டவர்களைத் தாமத ஈட்டோடு வீட்டையே ஏற்கச் சொன்னது. சான்றிதழ் வராத கோபுரங்களில் இருந்தவர்களுக்குத்தான் பணம் திரும்பியது. வெளியேற நினைப்பவர் அதை நோட்டீஸாக எழுதி அனுப்ப வேண்டிய நேரம், கெடு முடிந்ததும், சான்றிதழ் வருவதற்கு முன்பும்.

ஆணையத்தின் உத்தரவு வந்த மறுநாளே பணம் வந்துவிடாது. மேல்முறையீட்டுக்குப் போகும் பில்டர் தர வேண்டிய மொத்தத் தொகையையும் தீர்ப்பாயத்தில் கட்டிவிட்டுத்தான் போக முடியும் என்பது வாங்கியவருக்குப் பெரிய பாதுகாப்பு. மேல்முறையீடும் செய்யாமல் பணமும் தராமல் இருப்பவரிடம், நிலவரிப் பாக்கியைப் போல வசூலிக்க மாவட்ட ஆட்சியருக்குச் சான்று அனுப்பப்படும். அந்த வசூல் மெதுவாகவே நடக்கிறது. பில்டர் பெயரில் சொத்து மிஞ்சியிருந்தால்தான் அதற்கும் பொருள்.

கடைசியாக ஒரு வரம்பு. 500 சதுர மீட்டருக்கு மேற்படாத நிலத்தில் கட்டுவதற்கும், எட்டு வீடுகளுக்கு மேற்படாத கட்டடத்துக்கும் ரெரா பதிவு தேவையில்லை. 500 சதுர மீட்டர் என்பது இரண்டேகால் கிரவுண்டுக்கு ஒரு நூலிழை குறைவு. மயிலாப்பூரிலும் மேற்கு மாம்பலத்திலும் பழைய தனி வீட்டை இடித்து எழும்பும் ஆறு வீட்டுக் கட்டடங்கள் பல இதற்குள் அடங்கிவிடும். இவற்றுக்கு எழுபது சதவீதத் தனிக் கணக்கோ மூன்று மாத நிலவரமோ கிடையாது. தகராறு வந்தால் முதலில் போக வேண்டியது நுகர்வோர் ஆணையத்துக்கு. எனவே ரெரா தரும் மற்றவற்றை இங்கே ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்க வேண்டியிருக்கிறது: காலண்டர் நாள், அதோடு சான்றிதழ், கடைசிக் கட்டத்துக்குப் பதினைந்து சதவீதம் நிறுத்தி வைத்தல், இரு பக்கமும் ஒரே வட்டி, தாமதமானால் அந்தப் பகுதியின் வாடகைக்கும் கடன் வட்டிக்கும் குறையாத மாத ஈடு. சிறிய பில்டர்கள் இதற்குத் தயங்குவார்கள். நாளையும் சான்றிதழையும் ஏற்றுக்கொண்டு ஈட்டுத் தொகையை மட்டும் குறைக்கச் சொல்பவரோடு பேசிப் பார்க்கலாம். நாளையே எழுத மறுப்பவரிடம் அட்வான்ஸ் கொடுக்காமல் எழுந்து வருவது எளிது; யூடிஎஸ் பதிவானபின் அது நடக்காது.